சாம்பிளைக் கூட்டுமுன் ஜன்னலைப் பாருங்கள்

பிளெண்டரில் ஓர் அறை. இடப்பக்கச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல், அதில் கண்ணாடி. வெளியே வெயிலும் வானமும். உள்ளே மரக் கட்டில், மூலையில் அலமாரி, கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடிக் குண்டு பல்பு. லேப்டாப்பில் நான்கு கோர் சிபியூ, 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. F12 அழுத்தி வெகுநேரம் காத்திருந்தபின் படம் வருகிறது. சுவரெங்கும் அரும்பிய நாய்ஸ், அலமாரிக்குப் பின்னால் இன்னும் அடர்த்தியாக. போதாக்குறைக்கு அங்கங்கே கண்ணைக் குத்தும் வெள்ளைப் பொட்டுகள்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: சாம்பிள் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கிவிட்டு மறுபடியும் F12. சாதாரண லேப்டாப்பை வைத்துக்கொண்டு முப்பரிமாணம் கற்கும் மாணவர்கள் இப்படியே இரவுகளை இழப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஏனெனில் அந்த நாய்ஸுக்குக் காரணம் பெரும்பாலும் சாம்பிள் குறைவு அல்ல. அந்த அறைக்குள் வெளிச்சம் நுழையும் வழியில்தான் கோளாறு இருக்கிறது.

பிளெண்டரோடு 2011 முதல் வரும் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் எஞ்சின், பாத் டிரேசிங் முறையில் இயங்குவது. ஜேம்ஸ் கஜியா 1986-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து கிளைத்த முறை அது. கேமராவிலிருந்து ஒவ்வொரு பிக்சல் வழியாகவும் ஒரு கதிர் புறப்படும். சுவரில் பட்டால், அங்கிருந்து ஏதோ ஒரு திசையைக் குலுக்கல் முறையில் தேர்ந்து துள்ளும். அடுத்து தரை, அடுத்து கட்டில். துள்ளும் ஒவ்வோர் இடத்திலும், இங்கிருந்து விளக்குக்கு நேர்வழி இருக்கிறதா என்று தனியாக ஒரு நிழல் கதிரை அனுப்பியும் பார்க்கும். இப்படி ஒரு கதிரின் முழுப் பயணம்தான் ஒரு சாம்பிள். பல சாம்பிள்களின் சராசரிதான் நாம் காணும் நிறம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோறு சீராக வெந்திருந்தால்தான் செல்லும். திறந்த வெளியில் வெயில்பட்ட சுவருக்கு எந்தக் கதிரை அனுப்பினாலும் ஏறத்தாழ ஒரே விடை வரும். சில சாம்பிள்களே போதும். அலமாரிக்குப் பின்னால் அப்படி இல்லை. நூறு கதிர்களில் தொண்ணூற்றெட்டு இருட்டென்றும் இரண்டு மட்டும் வெளிச்சமென்றும் சொன்னால், சராசரி நிலைகொள்ளாது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் வேறு வேறு விடையோடு நிற்கும். அந்த வேறுபாட்டைத்தான் நாய்ஸ் என்கிறோம்.

இதில் இரக்கமே இல்லாத ஒரு கணக்கு உண்டு. நாய்ஸைப் பாதியாக்க வேண்டுமானால் சாம்பிளை நான்கு மடங்காக்க வேண்டும். 64 சாம்பிளுக்கு இரண்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 4096 சாம்பிள் வைத்தால் நேரம் 64 மடங்கு, அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஆனால் நாய்ஸ் குறைவது எட்டில் ஒரு பங்காகத்தான். கோர்கள் நிறைந்த கணினிக்காரர் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டலாம். சின்ன லேப்டாப் வைத்திருப்பவர், கதிர்கள் ஏன் வேறு வேறு விடை சொல்கின்றன என்று தேடிப் போவதுதான் வழி.

தேட ஒரு கருவி பிளெண்டரிலேயே இருக்கிறது. View Layer பகுதியில் Passes-க்குக் கீழே Light என்ற தலைப்பைத் திறந்து, Diffuse, Glossy, Transmission மூன்றுக்கும் Direct, Indirect இரண்டையும் தேர்வு செய்யுங்கள். கேமரா பார்வையில் Ctrl+B அழுத்தி, மோசமான மூலையைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்தால் அந்தப் பகுதி மட்டும் ரெண்டர் ஆகும். ஜன்னலுக்கு எதிரே வெயில் விழவேண்டிய தரையையும் கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். 64 சாம்பிள் போதும். பிறகு ரெண்டர் சாளரத்தில் ஒவ்வொரு பாஸாக மாற்றிப் பாருங்கள்.

நம் அறையில் Diffuse Direct பாஸைத் திறந்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். வெயில் சதுரமாக விழவேண்டிய தரை கறுப்பாகக் கிடக்கும். அத்தனை பகல் வெளிச்சமும் Diffuse Indirect பாஸில், புள்ளிப் புள்ளியாக, வந்து சேர்ந்திருக்கும். நேராக வரவேண்டிய வெளிச்சம் சுற்றுவழியில் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

குற்றவாளி ஜன்னல் கண்ணாடி. Glass ஷேடர் போட்ட பொருள் நிழல் கதிருக்கு ஒரு சுவர்தான். அது ஊடுருவிப் போகாது. ஆகவே தரையிலிருந்து சூரியனை நோக்கி அனுப்பப்படும் ஒவ்வொரு நிழல் கதிரும் கண்ணாடியில் முட்டி நின்றுவிடுகிறது. மிச்சமிருப்பது அதிர்ஷ்டம் மட்டும்: தரையில் துள்ளும் கதிர் தற்செயலாகக் கண்ணாடிக்குள் புகுந்து, மறுபுறம் சரியாகச் சூரிய வட்டத்தையே தொட வேண்டும். வானில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். தரைக்கு மேலுள்ள அரைக்கோளத்தோடு ஒப்பிட்டால் அதன் பங்கு ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒன்று. எப்போதாவது ஒரு கதிர் தொட்டுவிட்டால் அது கொண்டுவரும் வெளிச்சமோ மிகப் பெரியது; அந்தப் பிக்சல் மட்டும் வெள்ளைப் பொட்டாக எரியும். இப்படிப்பட்ட பொட்டைத்தான் ஃபயர்ஃபிளை என்கிறார்கள்.

கேமராவில் கண்ணாடி தனியாகத் தெரியாது என்றால் அதை அழித்துவிடுங்கள். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. தெரிந்தே ஆகவேண்டுமானால் ஷேடர் எடிட்டரில் ஒரு Mix Shader வையுங்கள். மேல் வாயிலில் Glass BSDF, கீழ் வாயிலில் Transparent BSDF. Light Path நோடின் Is Shadow Ray வெளியீட்டை Mix Shader-இன் Factor-இல் இணையுங்கள். கேமராவுக்கு அது கண்ணாடியாகவே இருக்கும். நிழல் கதிர் மட்டும் தடையின்றிப் போகும். மறுபடி 64 சாம்பிளில் பார்த்தால் Diffuse Direct பாஸில் வெயில் சதுரம் விழுந்திருக்கும். சாம்பிள் ஒன்றுகூடக் கூட்டவில்லை.

அடுத்தது வானம். வெளி ஒளியாக வான ஷேடரோ எச்டிஆர்ஐ படமோ இருந்தால், சைக்கிள்ஸ் அதில் பல திசைகளைத் தேர்ந்து நிழல் கதிர் அனுப்பும். அறைக்குள்ளிருந்து பார்த்தால் அந்தத் திசைகளில் பெரும்பாலானவை சுவர். ஜன்னல் இருப்பது ஒரே பக்கம் என்று எஞ்சினுக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு Area விளக்கை ஜன்னல் அளவுக்கே அமைத்து, அறையின் உட்புறம் நோக்கித் திருப்பி, அதன் அமைப்புகளில் Portal என்பதைத் தேர்வு செய்யுங்கள். அதன்பின் அது விளக்கே அல்ல, ஒளி தராது. வானத்தைத் தேடும் கதிர்களுக்கு வாசலைக் காட்டும், அவ்வளவுதான். போர்ட்டல் வைத்தால் ஒவ்வொரு சாம்பிளும் சற்று மெதுவாகும் என்பது உண்மை. நாய்ஸ் அடங்கத் தேவையான சாம்பிள்கள் குறைவதால், ஜன்னல் வழியே ஒளிபெறும் அறைக்கு அது லாபமே. திறந்தவெளிக் காட்சியில் வைத்தால் வெட்டிச் செலவு.

இதற்குப் பிறகும் பொட்டுகள் மிஞ்சினால் குண்டு பல்பைப் பாருங்கள். கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளிரும் சிறு இழை என்பது அதே ஜன்னல் கதையின் இன்னொரு வடிவம். இழையின் ஒளியை மங்கலாக்கி, அறைக்கு வேண்டிய வெளிச்சத்தைக் கூட்டுக்கு வெளியே ஒரு Point விளக்கிலிருந்து கொடுத்தால் சரியாகும். அதன் பிறகே Light Paths பகுதியிலுள்ள Clamping-ஐத் தொடலாம். Indirect Light-க்கு இயல்பான மதிப்பு 10. அதை 3 அளவுக்கு இறக்கினால், துள்ளி வரும் எந்தக் கதிரும் அந்த எல்லையைத் தாண்டி ஒளி கொண்டுவர முடியாது, பொட்டுகள் மறையும். ஆனால் பளபளப்புகளும் மங்கும், அறையும் கொஞ்சம் இருளும். காரணத்தைத் தேடாமல் முதலிலேயே இதை இறக்குபவர்களின் படங்கள் உயிரற்றுக் கிடப்பது இதனால்தான். Direct Light மதிப்பை 0-விலேயே விட்டுவிடுங்கள். அங்கே 0 என்றால் எல்லையே இல்லை என்று பொருள்.

இப்போதுதான் சாம்பிள் எண்ணிக்கைக்கு வருகிறோம். 2021 டிசம்பரில் வெளியான பிளெண்டர் 3.0 முதல் இயல்பு அமைப்பு Noise Threshold 0.01, Max Samples 4096. நாய்ஸ் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிய பிக்சலுக்கு எஞ்சின் வேலையை நிறுத்திக்கொள்ளும். அடங்காத பிக்சலுக்கு மட்டும் தொடர்ந்து கதிர் அனுப்பும். இறுதியில் டீநாய்சர் துடைக்கப்போகிறது என்றால் 0.01 தேவையில்லை. 0.05, உச்சம் 300 சாம்பிள் என்று தொடங்கலாம். Passes-இல் Sample Count என்பதையும் சேர்த்துக்கொண்டால் எந்தப் பிக்சல் எத்தனை சாம்பிளைத் தின்றது என்று கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டும். வெளுப்பாகத் தெரியும் இடத்தில்தான் உங்கள் நேரம் போகிறது.

டீநாய்சராக இன்டெலின் OpenImageDenoise போதும். கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே ஓடும். Passes என்பதில் Albedo and Normal, Prefilter என்பதில் Accurate இருக்கட்டும். பொருளின் சொந்த நிறமும் பரப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் தெரிந்தால், விளிம்பு எது, நாய்ஸ் எது என்று அது பிரித்தறியும். இருந்தாலும் இல்லாத தகவலை அதனால் மீட்க முடியாது. Denoising Data பாஸைச் சேர்த்துக்கொண்டால் துடைக்காத படம் Noisy Image என்ற பெயரில் கிடைக்கும். இரண்டையும் முழு அளவில் மாற்றி மாற்றிப் பாருங்கள். கட்டிலின் மரவரிகள் குழைந்துபோயிருந்தாலோ, அலமாரி மூலையில் மேகம்போல் திட்டுகள் நின்றாலோ, துடைப்பதற்கு முன்பே நாய்ஸ் அளவு மீறியிருக்கிறது. Threshold-ஐ 0.03-க்குக் கொண்டுவந்து மீண்டும் பாருங்கள்.

ஒரு சந்தேகத்தை இங்கே தீர்த்துவிடலாம். ரெண்டர் ஆகும்போது சிபியூ பயன்பாடு நூறு சதவீதத்துக்கு வெகு கீழே கிடக்க, டிஸ்க் மட்டும் ஓயாமல் ஓடினால், சிக்கல் சாம்பிளில் இல்லை; ராம் நிரம்பிவிட்டது. 4096-க்கு 4096 அளவுள்ள ஒரே ஒரு டெக்ஸ்சர் படம் நினைவகத்தில் 64 எம்பி பிடிக்கும். இருபது இருந்தால் 8 ஜிபி லேப்டாப்பில் கணிசமான பங்கு போய்விடும். Simplify பகுதியில் Texture Limit-ஐ 2048 ஆக்கினால் ஒவ்வொன்றும் நான்கில் ஒரு பங்காகும். தூரத்திலுள்ள அலமாரிக்கு அதற்குமேல் தேவையும் இல்லை.

இறுதி ரெண்டரை பிளெண்டர் சாளரத்தைத் திறக்காமலே கட்டளை வரியில் ஓட்டினால் கொஞ்சம் நினைவகம் மிஞ்சும்:

```
blender -b arai.blend -o //padam_ -t 3 -f 1
```

`-t 3` என்பது மூன்று திரெட்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. சூடு ஏறியதும் சிபியூ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் மெல்லிய லேப்டாப்களில் இதனால் பெரிய இழப்பு இருக்காது; ரெண்டர் ஓடும்போது வேறு வேலையும் பார்க்கலாம். `-f 1` கடைசியில்தான் வரவேண்டும். அதற்குப் பின்னால் எழுதும் அமைப்புகள் அந்த ரெண்டருக்குப் பொருந்தாது.

இத்தனையும் ஒற்றைப் படத்துக்கான வழி. இதே அறையில் கேமராவை நகர்த்தி அனிமேஷன் எடுக்கப்போனால் 0.05 உங்களைக் கைவிடும். டீநாய்சர் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகத் துடைப்பதால், ஒற்றைப் படத்தில் கண்ணுக்கே படாத திட்டுகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறிச் சுவரெங்கும் நெளியும். முதலில் நிழல் மிகுந்த மூலையைக் காட்டும் பத்துப் பதினைந்து ஃபிரேம்களை மட்டும் எடுத்து ஓட்டிப் பாருங்கள். நெளிவு அடங்கும்வரை Threshold-ஐ இறக்கிவிட்டு, அதன்பின் முழு நீளத்தையும் இரவு ஓட விடுங்கள்.