எச்சில் தட்டின் எடை

பனிக்காலத்தில் கோடியக்கரைக்குப் பறவை பார்க்க வருகிறவர்களில் பலர் நாகப்பட்டினத்திலோ வேளாங்கண்ணியிலோ தங்கிவிட்டுக் காலையில் கிளம்புகிறார்கள். வாசலில் வண்டி நிற்கும். பஃபே மேசையில் இட்லி, பொங்கல், பூரி, வடை, கேசரி என்று வரிசை நீளும். மறுபடி எழுந்து வந்து எடுக்க நேரம் இருக்காது என்ற நினைப்பில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஏற்றிக்கொள்வார்கள். பாதிப் பொங்கல் தட்டோடு கழுவுமிடத்துக்குப் போய்விடும்.

சாப்பாடு மிஞ்சுவதில் இரண்டு வகை உண்டு. பாத்திரத்தில் மிஞ்சியது கை படாதது. கோவையில் 2014இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் அதை எடுத்துப் போய்ப் பசித்தவர்களுக்குக் கொடுக்கின்றன. தட்டில் மிஞ்சியது எச்சில். அதை எந்த மனிதருக்கும் கொடுக்க முடியாது. உரக்குழிக்கோ எரிவாயுக் கலனுக்கோதான் போகும். ஆகவே அதைத் தட்டுக்கு வருமுன்பே தடுத்தாக வேண்டும்.

தடுக்க முடியும் என்பதற்கு நார்வேயில் சான்று இருக்கிறது. 2012 கோடையில் அங்கே ஒரே குழுமத்தைச் சேர்ந்த 52 ஓட்டல்களில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சில ஓட்டல்களில் தட்டின் விட்டத்தை மட்டும் சில சென்டிமீட்டர் குறைத்தார்கள். வேறு சிலவற்றில், எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அட்டை வைத்தார்கள். மற்றவற்றில் எதையும் தொடவில்லை. சிறிய தட்டு வைத்த இடங்களில் உணவுக்கழிவு சுமார் 19.5 சதவீதமும், அட்டை வைத்த இடங்களில் சுமார் 20.5 சதவீதமும் குறைந்தது. விருந்தினரின் திருப்தியிலும் மாற்றம் தெரியவில்லை.

விட்டத்தில் கொஞ்சம் குறைத்தாலே தட்டின் பரப்பு நிறையக் குறைந்துவிடும். 24 சென்டிமீட்டர் தட்டை 21 ஆக்கினால் பரப்பில் கிட்டத்தட்டக் கால் பங்கு போய்விடுகிறது. பசித்த கண் தட்டு நிரம்பும்வரைதான் எடுக்கும்.

இதை அப்படியே தஞ்சைப் பக்கம் கொண்டுவந்தால் இடிக்கும். சிறிய தட்டில் தோசை அடங்காது, சாம்பார் பூரிமேல் ஓடும். பறவை பார்க்கக் கிளம்பும் அவசரக்காரருக்கு 'மறுபடி வாங்க' என்ற அட்டை பயன்படாது. வரிசை நீளமாக இருந்தால் யாரும் இரண்டாம் முறை எழுந்து வரமாட்டார்கள். நம் ஊருக்குத் தட்டைவிடக் கரண்டிதான் முக்கியம். பொங்கல் பாத்திரத்தில் குழம்புக் கரண்டி கிடந்தால் ஒரு முறை அள்ளினாலே பாதிப் பேருக்கு அதிகம். அங்கே சிறிய கரண்டியைப் போடலாம். வடையைப் பாதி அளவில் தட்டலாம், கேசரியைச் சின்னக் கிண்ணங்களில் வைக்கலாம், தோசையைக் கேட்டபோது வார்த்துக் கொடுக்கலாம். சாம்பாருக்கும் சட்னிக்கும் தனிக் கிண்ணம் இருந்தால் சட்னியில் ஊறிய இட்லி எச்சிலாகத் திரும்பி வராது.

இவற்றில் எது பலித்தது என்பதைத் தராசுதான் சொல்லும். கழுவுமிடத்தில் இரண்டு பக்கெட் போதும். ஒன்றில் தின்னக்கூடிய எச்சில். மற்றொன்றில் முருங்கைச் சக்கை, கறிவேப்பிலை, எலும்பு, வாழைப்பழத் தோல். இரண்டையும் கலந்து நிறுத்தால், முருங்கைக்காய் சாம்பார் வைத்த நாளில் விருந்தினர் வீணாக்கியதாகக் கணக்கு வரும். சாம்பார், ரசத்தை வடித்துவிட்டு நிறுப்பதா, வடிக்காமலா என்று முதல் நாளே முடிவுசெய்து தினமும் அதையே பின்பற்ற வேண்டும். காலிப் பக்கெட்டின் எடையைக் கழிக்க மறக்கக்கூடாது.

கிடைத்த எடையை அன்று சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஓர் உதாரணம்: ஒருநாள் 120 பேர் சாப்பிட்டு 9.6 கிலோ எச்சில் என்றால் தலைக்கு 80 கிராம். கரண்டியை மாற்றிய பின் 150 பேர் சாப்பிட்டு 10.5 கிலோ என்றால் தலைக்கு 70 கிராம். மொத்த எடை கூடியிருக்கிறது, வீண் குறைந்திருக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்க்கும் மேலாளர், பலித்த மாற்றத்தைக் கைவிட்டுவிடுவார். சனி, ஞாயிறு கூட்டம் வேறு மாதிரி என்பதால் ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையோடுதான் ஒப்பிட வேண்டும்.

பக்கெட்டில் அதிகமாகக் கிடப்பது எது என்பதையும் சர்வர் ஒரு வரியில் எழுதிவைக்கட்டும். நாள்தோறும் கேசரி என்றால் அளவைக் குறைக்க வேண்டும். நாள்தோறும் ஒருவாய் கடித்த வடை என்றால், அளவோடு ருசியையும் சந்தேகிக்க வேண்டும். சமையல் மாஸ்டரைக் குற்றம் சொல்ல இந்தக் குறிப்பைப் பயன்படுத்தினால், மறுநாளிலிருந்து பக்கெட் பாதி காலியாகவே தராசுக்கு வரும்.

2017 ஏப்ரலில் மத்திய அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான், ஓட்டல்கள் பரிமாறும் அளவை வரையறுப்பது பற்றிப் பேசினார். இரண்டு இறால் மட்டுமே சாப்பிடக்கூடியவருக்கு ஆறு எதற்கு என்பது அவர் கேள்வி. அரசு அளவைத் திணிக்கிறதா என்று எதிர்ப்பு எழுந்தது. கட்டாயமாக்கும் சட்டம் வரவில்லை. வராததில் நட்டமில்லை. டெல்லியில் எழுதும் அளவு வேளாங்கண்ணி சமையல்கட்டுக்குப் பொருந்தாது.

விடுதி நடத்துகிறவர்கள் புதுத் தட்டுக்குப் பணம் போடுமுன், எதையும் மாற்றாமல் இரண்டு வாரம் எச்சிலை நிறுத்துப் பாருங்கள். அந்த எடை கையில் இல்லாவிட்டால், பின்னால் எது குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று சொல்ல முடியாது.