மேடை உரையில் சிலேடை: கலப்பு அவையில் அதன் வெற்றியும் தோல்வியும்

ஒரு சொல்லின் இரு பொருளையும் அவை ஒருசேர உணரும் கணத்தில் சிலேடை நகைச்சுவை பிறக்கிறது. கி.வா.ஜகந்நாதன் குறித்து வழங்கும் நிகழ்வொன்று இதனை விளக்கும். வழியில் மகிழுந்து நின்றுவிட, உடன்வந்தோர் இறங்கித் தள்ள முற்படுகின்றனர். முதுமை கருதி அவரை உள்ளேயே இருக்குமாறு வேண்டுகின்றனர். 'நான் என்ன தள்ளாதவனா?' என்கிறார் அவர்.

வண்டியைத் தள்ளுதல், முதுமை ஆகிய இரண்டும் இங்கு முன்னரே நிறுவப்படுகின்றன. ஒன்று விடுபடினும் சிலேடை வெறும் வினாவாகிவிடும். 'தள்ளாதவனா' என்னும் சொல் இறுதியில் நிற்றல் வேண்டும். அதற்கு முன் சிறு நிறுத்தமும், பின்னர்ச் சிரிப்பு அடங்கும்வரை மௌனமும் தேவை.

கலப்பு அவையில் இடர்ப்பாடு சொல்வழக்கில் எழுகிறது. புலம்பெயர் நாடுகளில் வளர்ந்த இளையோருள் 'தள்ளு' என்பதை அறிந்தும் 'தள்ளாத வயது' என்னும் வழக்கை அறியாதோர் உளர். முதியோர் சிரிக்க, இளையோர் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதே அதன் அடையாளம். அப்போது விளக்கம் அளித்தால் பொருள் புரியும், சிரிப்பு வாராது. மாறாக, உரையின் தொடக்கத்திலேயே, 'தள்ளாத வயதிலும் உ.வே.சாமிநாதையர் பதிப்புப் பணியைத் தொடர்ந்தார்' என்பதுபோல் அவ்வழக்கை இயல்பாகப் பயன்படுத்திவிடலாம். ஆயினும் அதனை நிகழ்வுக்கு மிக அருகில் வைத்தால் முடிவு முன்னரே வெளிப்பட்டுவிடும்.