பின்னால் போகிறவருக்கும் வேலை வேண்டும்

மனைவி சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறார். கணவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் வடிவமைப்புப் பொறியாளர். பன்னிரண்டு வருட அனுபவம். இரண்டு சம்பளத்தை நம்பி வாங்கிய வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் மனைவியை அமெரிக்கக் கிளைக்கு வரச் சொல்லிக் கேட்கிறார்கள். “நீ ஒத்துக்கோ. நான் கூட வந்து அங்கே ஒரு வேலை தேடிக்கிறேன்” என்கிறார் கணவர்.

எடுத்துக்காட்டுக்காகச் சொல்லும் தம்பதிதான் இது. ஆனால் இந்த நிலையில் நிற்கிற வீடுகள் வேளச்சேரியிலும் சோழிங்கநல்லூரிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கணவர் சொன்ன அந்த வாக்கியத்தில் ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கிறது. அங்கே வேலை தேட அவருக்கு அனுமதி இருக்குமா? அது அவருடைய படிப்பையோ திறமையையோ பொறுத்ததல்ல. மனைவிக்கு எந்த விசா வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எல்லோரும் அறிந்த எச்-1பி. இன்னொன்று, ஒரே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து ஊழியரை மாற்றிக்கொள்ளும் எல்-1. முந்தைய மூன்று வருடங்களில் குறைந்தது ஒரு வருடம் தொடர்ந்து அந்த நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையில் வேலை பார்த்திருக்க வேண்டும். வேலையும் நிர்வாகப் பொறுப்பாகவோ, அந்த நிறுவனத்துக்கே உரிய தனி அறிவு தேவைப்படுவதாகவோ இருக்க வேண்டும். நம் மனைவிக்கு இரண்டு வழியிலும் வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதை எடுப்பது என்று பெரும்பாலும் நிறுவனமே தன் வசதிப்படி முடிவு செய்துவிடும். கணவரின் வேலை அந்த முடிவுக்குள் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

எச்-1பி என்றால் கணவருக்குக் கிடைப்பது எச்-4. அதில் அவர் வாழலாம், படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஒரு விதி இதில் ஒரு கதவைத் திறந்தது. மனைவியின் கிரீன் கார்டு வேலை ஐ-140 என்ற கட்டத்தைத் தாண்டி ஒப்புதல் பெற்றிருந்தால், எச்-4 துணைவர் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். எச்-1பியின் ஆறு வருட வரம்பைத் தாண்டி அதற்கான சட்டத்தின்படி நீட்டிப்பு பெற்றவர்களின் துணைவருக்கும் இது பொருந்தும்.

கதவு திறக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதில்தான் சிக்கல். பல நிறுவனங்கள் ஊழியர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆன பிறகே கிரீன் கார்டு பேச்சை எடுக்கின்றன. அதன்பின் சம்பள நிர்ணயம், உள்ளூர் ஆள் கிடைக்கிறாரா என்று விளம்பரம், தொழிலாளர் துறையின் சான்று என்று போகும்போது அண்மைக் காலத்தில் இரண்டு வருடம் நெருங்கிவிடுகிறது. ஐ-140ஐக் கூடுதல் கட்டணம் கட்டி விரைவாக முடிக்கலாம். வேலை அனுமதி அட்டைக்கு மறுபடி சில மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் மூன்று வருடத்துக்கு மேல் கணவர் வீட்டில். பன்னிரண்டு வருட அனுபவத்துக்குப் பிறகு மூன்று வருடம் வெற்றாகக் கிடக்கும் சுயவிவரத்தோடு ஒருவர் நேர்காணலுக்குப் போவது எவ்வளவு கடினம் என்பது ஆள் எடுப்பவர்களுக்குத் தெரியும்.

எல்-1 என்றால் கதை வேறு. துணைவருக்கு எல்-2. 2021 நவம்பரில் ஒரு வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, எல்-2 துணைவருக்கு அந்த விசா நிலையே வேலை அனுமதி. தனி அட்டைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. விமானம் இறங்கிய பிறகு அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் தன் ஐ-94 பதிவை எடுத்துப் பார்ப்பது. அதில் L-2S என்று இருக்க வேண்டும். அந்தக் கடைசி S எழுத்துதான் ‘இவர் துணைவர், வேலை செய்யலாம்’ என்பதன் அடையாளம். வெறும் L-2 என்று பதிவாகியிருந்தால் உடனே அந்தத் துறையின் அலுவலகத்தை அணுகித் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் வேலைக்கு எடுக்கும் கம்பெனியின் மனிதவள அதிகாரி அந்தத் தாளை ஏற்க மாட்டார். சரியான ஐ-94 மட்டும் போதாது, ஆளை அடையாளம் காட்டும் இன்னொரு ஆவணமும் கேட்பார்கள். அதனால் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் முதல் வாரத்திலேயே அலைந்துவிடுவது நல்லது.

அப்படியென்றால் எல்-1 போதுமே என்று தோன்றும். அதற்கும் ஒரு விலை உண்டு, அதை மனைவி கொடுக்கிறார். எல்-1 அந்த ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டது. பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது. தனி அறிவுப் பிரிவான எல்-1பி ஐந்து வருடத்தோடு முடிந்துவிடும். கிரீன் கார்டுக்கு இந்தியர்கள் நிற்கும் வரிசையோ அதைவிடப் பல வருடம் நீளமானது. எனவே அந்த ஐந்து வருடத்துக்குள் எச்-1பி குலுக்கலிலும் பெயர் விழுந்தாக வேண்டும். ஆக, ஒருவரின் சுதந்திரமா, மற்றவரின் வேலையா என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய இடம் இதுதான். கடன் தவணையும் கணவரின் அனுபவமும் தராசில் இருக்கும்போது, முதல் சில வருடங்களுக்கு எல்-1 பக்கமே கனம் கூடுதல் என்பது இந்தக் கட்டுரையின் கணிப்பு.

ஊரையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். நிறுவனத்துக்கு நியூஜெர்சியிலும் டெட்ராய்ட் வட்டாரத்திலும் அலுவலகம் இருந்தால், மனைவிக்கு இரண்டும் ஒன்றுதான். கணவருக்கு அப்படியல்ல. ஒரகடத்தில் அவர் வரைந்த அதே மாதிரி உதிரிபாகங்களை வரையும் கம்பெனிகள் டெட்ராய்டைச் சுற்றி நிறைந்திருக்கின்றன. மனைவி கேட்டால் ஊர் மாறக்கூடும். கேட்காவிட்டால் யாரும் மாற்றித் தரப்போவதில்லை. கேட்க ஏற்ற நேரம், வேலைக் கடிதம் வந்த பிறகு, கையெழுத்துப் போடுவதற்கு முன்பு. அந்த நாட்களில்தான் நிறுவனத்துக்கு இவர் வேண்டும் என்ற ஆவல் உச்சத்தில் இருக்கும்.

உரிமம் தேவைப்படும் தொழில்களுக்கு விசா மட்டும் உதவாது. செவிலியர் அங்கே என்கிளெக்ஸ் தேர்வில் தேறி, மாநில உரிமம் வாங்க வேண்டும். அந்தத் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம் என்பதால் கிளம்புவதற்கு முன்பே தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

“இங்கே பார்க்கும் வேலையையே அங்கிருந்து லேப்டாப்பில் பார்க்கலாமே” என்று சிலர் நினைக்கிறார்கள். எச்-4இல் இருப்பவர் அமெரிக்க மண்ணில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சம்பளம் ரூபாயில் வந்தாலும் விதிமீறல் ஆகிவிடக்கூடும் என்று குடியேற்ற வழக்கறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். வரிச் சிக்கலுக்குப் பயந்து இந்திய நிறுவனங்களும் இதற்குத் தயங்கும்.

நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. ஜெர்மனியின் நீல அட்டையில் போகிறவரின் துணைவர் தடையின்றி வேலை பார்க்கலாம். போவதற்கு முன் ஜெர்மன் மொழிச் சான்றும் காட்ட வேண்டியதில்லை. சிங்கப்பூரிலோ 2021 மே மாதத்திலிருந்து, துணைவர் அனுமதியில் இருப்பவர் ஒரு நிறுவனத்தில் சேர வேண்டுமானால் தனக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். முன்பு போனவர்கள் சொல்லும் அனுபவத்தை நம்பிக் கிளம்பி, அங்கே போய்த் திகைத்து நிற்பவர்கள் இதனால்தான்.

வெளிநாட்டு வேலைக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்தால் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: எனக்கு எந்த விசா, என் துணைவருக்கு எந்த விசா, அதில் அவர் வந்து இறங்கிய நாளிலிருந்து வேலை பார்க்கலாமா. மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை, துணைவர் இங்கே பார்க்கும் வேலையிலிருந்து ராஜினாமா செய்ய வேண்டாம்.