போன் மாறினால் பின் நம்பர் மாறுமா?

எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அக்கா புது போன் வாங்கியதும் முதலில் சொன்னது இதுதான்: "பழைய போனோட பின் நம்பரும் போயிடுச்சு தம்பி."

போகவில்லை. யூபிஐ பின் போனிலோ ஆப்பிலோ இருப்பதில்லை. அதைச் சரிபார்ப்பது வங்கி. போனையும் ஆப்பையும் மாற்றினாலும் அதே கணக்குக்கு அதே பின்தான். அதனால் பழைய எண் லேசாக நினைவிருந்தால் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். குத்துமதிப்பாகத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். மூன்று முறை தவறினால் பெரும்பாலான வங்கிகள் அன்றைக்குத் தடுத்துவிடும்.

அக்காவுக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. வங்கியில் பதிவான எண்ணின் சிம் புது போனில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். ஆப் அந்த சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் போனை உறுதி செய்துகொள்ளும். ரீசார்ஜ் முடிந்திருந்தாலோ, இரண்டு சிம்மில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாலோ இங்கேயே நின்றுவிடும்.

பிறகு ஆப்பில் வங்கிக் கணக்கைத் திறந்து Forgot UPI PIN என்பதைத் தொட்டோம். டெபிட் கார்டு எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களையும் கார்டு காலாவதியாகும் மாதம், வருடத்தையும் கேட்டது. கார்டில் 09/28 என்று இருந்தால் 2028 செப்டம்பர். முழு கார்டு எண்ணோ, பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணோ இதற்குத் தேவையில்லை.

அடுத்த பக்கத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வங்கி அனுப்பும் ஓடிபிக்கு ஒரு கட்டம். சில வங்கிகளில் ஏடிஎம் பின்னுக்கு இன்னொன்று. அதன் பிறகே புதிய யூபிஐ பின். அக்கா ஏடிஎம் கட்டத்தில் புதுப் பின்னை அடித்துவிட்டார், பிழை என்று வந்தது. கட்டத்துக்கு மேலே எழுதியிருப்பதைப் படித்து, ஏடிஎம்மில் பணம் எடுக்கும் எண்ணை அங்கே போட்டதும் வழி திறந்தது. கடைசியில் புதுப் பின்னை இரண்டு முறை அடித்ததோடு வேலை முடிந்தது. நான்கு இலக்கமா ஆறா என்பதை வங்கி தீர்மானிக்கும்.

எல்லாம் சரியாகப் போட்டும் ஏற்கவில்லையென்றால் கார்டைப் பாருங்கள். காலாவதியாகியிருக்கலாம். புதிதாக வந்து இன்னும் செயல்படுத்தப்படாத கார்டாகவும் இருக்கலாம். ஏடிஎம் பின் அமைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். கார்டே இல்லாதவர்களுக்குப் பல வங்கிகளில் ஆதார் ஓடிபி வழி உண்டு. ஆனால் ஆதாரிலும் வங்கியிலும் ஒரே மொபைல் எண் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் உங்கள் விரலாலேயே செய்யுங்கள். "பின் மாற்றித் தருகிறேன், ஓடிபி சொல்லுங்கள்" என்று போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் இணைப்பைத் துண்டியுங்கள். வங்கி அதைக் கேட்காது.

புது போனில் முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். மொத்தக் கடைக்காரருக்கு அன்றே பெரிய தொகை கொடுக்க வேண்டியிருந்ததால், அக்கா ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்தார்.