ஒரு கேள்வி காதுக்குப் போகும்போது

‘ஆரம்ப சுகாதார நிலையத்தின் சேவை உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி அளிக்கிறது? மிகவும் திருப்தி, திருப்தி, நடுநிலை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி.’

கணக்கெடுப்புப் படிவங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. பார்வையற்றவருக்காக இதை அப்படியே வாசித்துப் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்தாவது விடை வருவதற்குள் முதல் விடை மறந்துபோகும். காகிதத்தில் பார்ப்பவர்கள் மேலே உள்ள விடைகள் பக்கம் சாய்வார்கள். காதால் கேட்பவர்கள் கடைசியாகக் கேட்டதன் பக்கம் சாய்வார்கள். இது ஆய்வாளர்கள் வெகுகாலமாகக் கண்டுவருவது.

அதனால் கேள்வியை உடைக்க வேண்டும். “போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, அங்க உங்களைக் கவனிச்சது பிடிச்சிருந்ததா, பிடிக்கலையா?” பதில் வந்த பிறகு, “ரொம்பவா, கொஞ்சமா?” ஒரு நேரத்தில் காதில் இருப்பது இரண்டே விடை. ‘இரண்டும் இல்லை’ என்பவருக்குத் தனியாக ஒரு பொத்தான் இருந்தால் பழைய ஐந்து விடைகளும் கிடைத்துவிடும்.

“பிடிச்சிருந்தா 1 அழுத்துங்க” என்று விடையை முன்னால், எண்ணைப் பின்னால் சொல்ல வேண்டும். எண்ணை முதலில் சொன்னால் மறந்துபோகும். ஆங்கிலத்தில் இதற்கென்றே யோசித்து எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் வாக்கியமே அப்படித்தான் அமைகிறது. பொத்தான் போனில் 5-இன் மேல் சிறு புடைப்பு இருக்கும். அதைத் தொட்டு மற்ற எண்களை விரல் கண்டுபிடித்துவிடும். தொடுதிரை போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் குரலும் நம் ஒலிப்பதிவும் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் புரியாது. அதனால் பதிவு தானாக ஓடக் கூடாது, தொட்டால் மட்டுமே ஒலிக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பதிவோடு படமும் உதவும். கோபோ டூல்பாக்ஸ் போன்றவற்றில் படிவத்தின் எக்செல் தாளில் `media::audio`, `media::image` என்று இரண்டு பத்திகள் சேர்த்தால் போதும். சேர்ப்பது சுலபம், படத்தைத் தேர்வதுதான் கஷ்டம். சிரித்த முகம் ‘திருப்தி’ என்று எல்லோருக்கும் படாது; பார்க்க அழகாக இருக்கிறது என்றே அதைத் தொடுபவர்களும் உண்டு. நம் ஊரில் இன்னொரு வம்பு: ‘காலை’ என்பதற்கு உதிக்கும் சூரியனையும் ‘நிறுத்து’ என்பதற்கு உள்ளங்கையையும் போட்டால் கட்சிச் சின்னம்தான் நினைவுக்கு வரும். குரல் இல்லாமல் படத்தை மட்டும் அந்த ஊர்க்காரர்கள் சிலரிடம் காட்டி “இது என்ன?” என்று கேளுங்கள். ஆளுக்கொன்று சொன்னால் வேறு படம் வரைய வேண்டும்.

தொடக்கத்தில், “இப்போ செருப்பு போட்டிருக்கீங்களா?” என்பது போல நமக்கே விடை தெரிந்த ஒரு கேள்வி வையுங்கள். தவறான பொத்தான் அழுத்தப்பட்டால், கருவி இன்னும் பழகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அதோடு, பதிலளிப்பவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிப் பேருக்கு விடைகளைத் தலைகீழ் வரிசையில் ஒலிக்க விடுங்கள். இரண்டு குழுக்களின் முடிவும் வெகுவாக வேறுபட்டால், நாம் அளந்தது மக்களின் கருத்தை அல்ல, விடைகளின் வரிசையை.