'வேறு எந்தக் காரணமும்' எதுவரை செல்லும்?

"தராசு, எடைக்கல், படி அல்லது வேறு பொருள்களைப் பறிமுதல் செய்யலாம்" என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனைக்கு வந்த அதிகாரி கடையிலிருந்த ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போகலாமா? ஃபிரிட்ஜும் ஒரு பொருள்தானே என்று அவர் வாதிட்டால் நீதிமன்றம் ஏற்காது. முதலில் சொன்ன மூன்றும் அளவைக் கருவிகள். பின்னால் வரும் 'வேறு பொருள்கள்' என்பதும் அந்த இனத்தைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். இந்த விதிக்கு லத்தீனில் எஜுஸ்டெம் ஜெனரிஸ் என்று பெயர். 'அதே இனம்' என்று பொருள்.

உரிமம் ரத்தான வழக்குகளில் வக்கீல்கள் இதை அடிக்கடி எடுத்து வீசுவார்கள். ஆனால் எல்லா இடத்திலும் எடுபடாது. திரிபுராவில் உள்ளூர்ச் சாராயம் விற்கும் உரிமம் வைத்திருந்த ஒருவரின் வழக்கு 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அங்கே நடைமுறையில் இருந்தது 1909-ஆம் ஆண்டின் வங்காள ஆயத்தீர்வைச் சட்டம். அதன் 42-ஆவது பிரிவு, கட்டணம் கட்டாதது, நிபந்தனையை மீறியது, குற்றத்தில் தண்டனை பெற்றது போன்ற காரணங்களை வரிசையாகச் சொல்லி, அவற்றுக்காக உரிமத்தை ரத்து செய்யலாம் என்கிறது. அடுத்த 43-ஆவது பிரிவோ, "42-இல் சொல்லாத வேறு எந்தக் காரணத்துக்காகவும்" உரிமத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது. 15 நாள் கட்டணத்துக்குச் சமமான தொகையைத் தள்ளிக் கொடுக்க வேண்டும்.

உரிமத்தை இழந்தவர், 'வேறு எந்தக் காரணமும்' என்பதை 42-இல் உள்ள காரணங்களின் இனத்துக்குள் சுருக்கிப் படிக்க வேண்டும் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதியைப் பயன்படுத்த ஐந்து நிபந்தனைகள் உண்டு என்றது நீதிமன்றம்: குறிப்பான சொற்களின் பட்டியல் இருக்க வேண்டும், அவை ஒரே இனமாக வேண்டும், பட்டியலோடு அந்த இனம் தீர்ந்துபோயிருக்கக் கூடாது, பொதுச்சொல் பட்டியலுக்குப் பின்னால் வர வேண்டும், சட்டமன்றத்தின் நோக்கம் வேறு என்று காட்டும் அறிகுறி இருக்கக் கூடாது. 42-இன் காரணங்கள் ஓர் இனமாகச் சேரவில்லை. 43-ஓ அவற்றுக்கு வெளியே உள்ளவற்றுக்கென்றே தனியாக எழுதப்பட்ட பிரிவு. சாராய வியாபாரி தோற்றார். அதிகாரிக்கு இவ்வளவு தாராளமான சொற்களைக் கொடுத்தது சரியா என்று கேட்கலாம். ஆனால் அது சட்டம் இயற்றியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

பட்டியலே இல்லாமல், சட்டத்தின் சொற்கள் அரசியல் சாசனம் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிப் பரந்து கிடந்தால் என்ன செய்வது? அப்போது வருவது ரீடிங் டவுன், அதாவது சட்டம் செல்லாமல் போவதைத் தவிர்க்க அதன் சொற்களைச் சுருக்கிப் பொருள் கொள்வது. இது மக்களைக் காக்கும் ஆயுதம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது முதலில் காப்பாற்றுவது சட்டத்தைத்தான்.

1955-ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டும் போட்டிகளைத் தடை செய்தது. அதற்குக் குறைவானவற்றுக்கு உரிமம் கேட்டது. குறுக்கெழுத்துப் போட்டி முதல் 'வேறு எந்தப் பெயரில்' நடந்தாலும் எழுத்து, சொல், எண் புதிர்ப் போட்டிகள் அனைத்தும் அதன் வரையறைக்குள் வந்தன. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பேச்சே அதில் இல்லை. போட்டி நடத்தியவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள்: திறமைப் போட்டி நேர்மையான தொழில், அதையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவதால் சட்டம் முழுவதும் செல்லாது என்றார்கள்.

1957-இல் தீர்ப்பெழுதிய நீதிபதி டி.எல். வெங்கடராம அய்யர் (கர்நாடக இசை அறிஞராகவும் நம்மவர்கள் அறிந்தவர்) சட்டம் பிறந்த வரலாற்றையும் நோக்கத்தையும் பார்த்தார். இது சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளை அடக்க வந்த சட்டம். வரையறையையும் அந்த அளவுக்கே படிக்க வேண்டும் என்றார். சட்டம் தப்பியது, வழக்குப் போட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஆனால் இந்தச் சுருக்கலுக்கும் எல்லை உண்டு. சொற்கள் இருவிதமாகப் பொருள் தரும்போதுதான் குறுகிய பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். தெளிவாக எழுதிவைத்ததை நீதிபதி மாற்றி எழுத முடியாது. டெல்லி போக்குவரத்துக் கழக வழக்கில் 1990-இல் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது அதைத்தான். நிரந்தர ஊழியரையும் காரணம் சொல்லாமல் நோட்டீஸ் கொடுத்து அனுப்பலாம் என்ற விதியை, 'தகுந்த காரணம் இருந்தால் மட்டும்' என்று சுருக்கிப் படிக்க மறுத்து, விதியையே ரத்து செய்தார்கள்.

நம் ஊரில் இதே கேள்வி ஆன்லைன் ரம்மியோடு வந்தது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் முழுவதுமாக ரத்து செய்யவில்லை. சூதாட்டம் பற்றிய வரையறைகளை அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கு மட்டும் பொருந்துவதாகச் சுருக்கியது. ரம்மியையும் போக்கரையும் பெயர் சொல்லித் தடை செய்த அட்டவணையை மட்டும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. பெயரே எழுதியிருக்கும்போது எதைச் சுருக்குவது? அதை ரத்து செய்தது.