பேனர் ஏன் தாமதமாக வந்தது?

ஃபிரன்ட்எண்ட் வேலைக்கான நேர்காணல்களில் அடிக்கடி வரும் கேள்வி இது: "எங்கள் கடையின் முகப்புப் பக்கம் மெதுவாகத் திறக்கிறது. என்ன செய்வீர்கள்?" பலரும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்: படங்களை லேசி லோடிங்கில் போடுவேன், பண்டிலைச் சின்னதாக்குவேன். நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்க்காமல் சொல்லும் இந்தப் பதிலில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அளப்பதற்கு எல்சிபி என்றொரு கணக்கு உண்டு. திரையில் தெரிவதிலேயே பெரிய படமோ எழுத்துப் பகுதியோ வந்து நிற்க ஆகும் நேரம் அது. நூறில் 75 வருகைகளுக்காவது இது 2.5 வினாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது கூகுள்.

நம் கடைக்கு 4.2 வினாடி ஆகிறது, முகப்பில் உள்ள பேனர் படம்தான் அந்தப் பெரிய பொருள் என்று வைத்துக்கொள்வோம். குரோமின் பெர்ஃபார்மன்ஸ் பகுதி இதைப் பிரித்துக் காட்டும். சர்வர் பதில் தர 0.6, படத்தைக் கேட்கவே தொடங்காமல் கழிந்தது 2.1, படம் இறங்க 0.9, திரையில் வர 0.6. படத்தின் எடையை எவ்வளவு குறைத்தாலும் அந்த 0.9-இல்தான் மிச்சம் பிடிக்க முடியும்.

அப்படியானால் 2.1 வினாடி எங்கே போனது? எல்லாப் படங்களுக்கும் `loading="lazy"` போட்டிருக்கிறார்கள், பேனருக்கும் சேர்த்து. சாதாரணப் படம் என்றால், பக்கத்தின் எச்டிஎம்எல்லைப் படிக்கும்போதே பிரௌசர் அதைக் கேட்டுவிடும். லேசி என்றால், சிஎஸ்எஸ் வந்து பக்கத்தின் அமைப்பு தெரிந்து, படம் திரைக்குள் விழுகிறதா என்று பார்த்த பிறகே கேட்கும். கீழே கிடக்கும் படங்களுக்கு அது சரி. பேனருக்கு இப்படி இருக்க வேண்டும்:

```html
<img src="banner.webp" fetchpriority="high">
```

அந்தப் படத்தை ஜாவாஸ்கிரிப்ட்தான் உருவாக்குகிறது என்றால் கதை வேறு. முழு பண்டிலும் இறங்கி ஓடிய பிறகே அப்படி ஒரு படம் இருப்பது பிரௌசருக்குத் தெரியவரும். பண்டில் அளவு இங்கேதான் உண்மையில் உறுத்துகிறது. ஜிசிப் சுருக்குவது இறங்கும் அளவை மட்டுமே. மலிவு போன் அதை விரித்து, முழுவதையும் படித்து ஓட்டியாக வேண்டும். குரோமின் கவரேஜ் பகுதியைத் திறந்தால் இறங்கியும் ஓடாத கோடு சிவப்பாகத் தெரியும். வாங்கியவர்களின் மதிப்புரை வரைபடம் போன்ற, தட்டினால் மட்டும் தேவைப்படும் பகுதியை அப்போது வரவழைக்கலாம்:

```js
button.onclick = () => import('./chart.js');
```

"தட்டியவர் காத்திருக்க வேண்டாமா?" என்று அடுத்த கேள்வி வரும், நியாயமாகவே. முகப்பு வந்து முடிந்து பிரௌசர் சும்மா இருக்கும்போதே அந்தக் கோப்பை இறக்கிவைக்கலாம் என்பது நல்ல பதில்.

கடைசியாக, திருத்தம் பலித்ததா என்று எப்படித் தெரியும்? நம் லேப்டாப்பில் லைட்ஹவுஸ் அன்றைக்கே மதிப்பெண் சொல்லிவிடும். உண்மையான பயனர்களிடமிருந்து கூகுள் திரட்டும் கணக்கோ கடந்த 28 நாட்களுக்கானது. அதனால் நேற்றைய திருத்தத்தின் முழுப் பலனும் அதில் தெரிய நாலு வாரம் ஆகும்.